முக்குடைக்குக் கீழே அமர்ந்தவர்

செஞ்சி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் சில கற்சிலைகளைப் பார்க்கலாம். சம்மணமிட்ட உருவம், மடியில் ஒரு கைமேல் ஒரு கை, பாதி மூடிய கண். யார் என்று கேட்டால் "புத்தர்" என்ற பதில் பல ஊர்களில் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல, சமணத் தீர்த்தங்கரர்களின் சிலைகள்.

சமணத்தைப் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்த ஒரு காணொளி எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஏனென்றால் இந்தத் தவறில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பள்ளிப் புத்தகத்திலும் காலண்டரிலும் நாம் பார்த்து வளர்ந்த தியான உருவம் புத்தருடையது. சமணச் சிற்பிகளும் அதே அமர்வையும் அதே கை வைப்பையும் செதுக்கினார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால், பார்ப்பவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கமாட்டார்.

அடுத்தது கேமராவின் வேலை. சிலையின் தலைக்கு மேலே போங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் தெரிந்தால் அது முக்குடை, தீர்த்தங்கரருக்கு உரியது. பிறகு தோளுக்கு இறங்குங்கள். புத்தர் சிலையில் பெரும்பாலும் இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே சீவர ஆடையின் விளிம்பு கோடாக ஓடும். தமிழகத்துத் தீர்த்தங்கரர் திகம்பரர், அந்தக் கோடு அவருக்கு இல்லை. இருபுறமும் சாமரம் வீசுபவர்கள் நின்றால் சமணச் சிலை என்பதற்கு இன்னொரு துணை. குடை உடைந்தும் மார்பு தேய்ந்தும் போன சிலைகளும் உண்டு. அங்கே "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று சொல்வதுதான் நேர்மை. தமிழகத்தில் உண்மையான புத்தர் சிலைகளும் இருக்கின்றன, சேலம் மாவட்டம் தியாகனூரில் இருப்பவை போல.

காணொளியின் தலைப்பில் தவறான வாக்கியத்தைப் பெரிதாகப் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கடி கேட்டதுதான் மனதில் தங்கும். "சமணர் எல்லாம் வடநாட்டவரா?" என்று பத்து முறை கேட்டுவிட்டு, ஒரு முறை "இல்லை" என்றால் கேள்விதான் நிற்கும். மாறாக, மேல்சித்தாமூரைக் காட்டித் தொடங்குங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில்தான் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. நயினார் என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். பலருக்குப் பரம்பரைத் தொழில் விவசாயம். பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடிப்பவர்கள் இன்றும் உண்டு. இவர்களைப் பார்த்த பிறகு, நகரத்து நகைக்கடை, அடகுக்கடைகளில் ராஜஸ்தான், குஜராத் சமணர்களை மட்டுமே சந்தித்தவருக்கு அந்த எண்ணம் ஏன் வந்தது என்று சொன்னால், அவரே தலையசைப்பார்.

இன்னொன்று, மகாவீரர்தான் சமணத்தைத் தொடங்கினார் என்பது. இதற்குப் பேச்சே வேண்டாம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கேமரா மெதுவாக நகரட்டும், பார்ப்பவர் எண்ணட்டும். மகாவீரர் அந்த மரபில் இருபத்து நான்காமவர்.

அதே குன்றில் வேறொரு கல்வெட்டும் இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்வது. சல்லேகனை எனப்படும் இந்த நோன்பைத் தற்கொலை என்று நினைப்பவர்கள் பலர். ராஜஸ்தான் உயர்நீதிமன்றமே 2015இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது, அதே மாதம் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மரணம் நெருங்கிவிட்ட நிலையில், குருவின் அனுமதியோடு, ஆசையையும் கோபத்தையும் விட்டு, உணவைப் படிப்படியாகக் குறைப்பது என்பது சமணரின் விளக்கம். சட்டம் படித்தவர்களும் மருத்துவர்களும் இன்னும் விவாதிக்கும் விஷயம் இது. இதை "தவறு, சரி" என்று ஒரு நிமிடத்தில் முடிப்பது இரு தரப்புக்கும் அநியாயம். சமணர் என்ன நம்புகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள், மறுப்பவரின் கவலையையும் கேளுங்கள், தனிக் காணொளியாக எடுங்கள்.

ஏரிக்கரைச் சிலைக்கு யாராவது மஞ்சள் பூசி, விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள் என்றால், அவர்கள் முகத்தைக் காட்டாதீர்கள். அது அவர்களுடைய சாமி. "இது யார் தெரியுமா?" என்று மைக்கை நீட்டி, அவர் தடுமாறுவதைப் படம்பிடிப்பது எந்த மதத்துக்கும் செய்யும் தொண்டு ஆகாது. எடுத்து முடித்ததும் வெளியிட அவசரப்படாமல், ஒரு நயினார் குடும்பத்துப் பெரியவருக்கும், அந்தச் சிலையைப் புத்தர் என்று சொன்ன ஊர்க்காரருக்கும் போட்டுக் காட்டுங்கள். இருவரில் ஒருவர் முகம் சுளித்தாலும், அந்த இடத்தை வெட்டி மறுபடி எடுங்கள்.