ஊசிக்கு முன் மரப்புக் களிம்பு

குழந்தையின் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுக்கும் முன் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பைப் பூசினால் ஊசி வலி குறையும். அதைத் தேய்க்கக் கூடாது. 1 முதல் 2 கிராம் வரை வெள்ளையாகத் தெரியும்படி தடிப்பாக வைக்க வேண்டும். மேலே ஒளிபுகும் ஒட்டுப்படலத்தை ஓரங்களில் கசிவில்லாமல் ஒட்ட வேண்டும். மூடாவிட்டால் களிம்பு துணியில் ஒட்டிப் போகும், தோலுக்குள் சரியாக இறங்காது.

10 மணிக்கு ரத்தப் பரிசோதனை என்றால் 9 மணிக்குள் பூசிவிட வேண்டும். அரை மணியில் ஊசி போட்டால் வலி தெரியும். தோல் வெளிறுவது இயல்பு. நரம்பு சுருங்கித் தெரியாமல் போனால், துடைத்தபின் சில நிமிடம் பொறுக்கலாம். புண்பட்ட தோலில் பூசக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அளவையும் நேரத்தையும் மருத்துவரே சொல்ல வேண்டும்; மிகுந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம்.