போட்டோவைப் பார்த்து பியூரெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன வாரம் ப்ளஸ் ஒன் படிக்கிற என் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. கெமிஸ்ட்ரி லேப் மேசை, அது மேல அஞ்சு கண்ணாடிச் சாமான். "அண்ணா, இதுல எது பியூரெட், எது பிப்பெட்? எல்லாமே குழாயாத்தான் தெரியுது. நாளைக்கு லேப்ல கேப்பாங்க"ன்னு கேட்டா. அவளுக்குச் சொன்னதைத்தான் இன்னைக்கு உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். போட்டோல சைஸை நம்பாதீங்க. கேமராவுக்குப் பக்கத்துல இருக்கிற பத்து மில்லி பிப்பெட், தூரத்துல இருக்கிற ஐம்பது மில்லி பியூரெட் அளவுக்குத் தெரியும். அதனால நீளத்தை விட்டுட்டு, குழாயோட ரெண்டு முனையையும் பாருங்க.

பியூரெட்டுக்கு மேல்முனை முழு அகலத்துக்குத் திறந்திருக்கும். ஏன்னா மேல ஒரு குட்டிப் புனல் வச்சு அதுல கரைசலை ஊத்தணும். கீழ்முனையில ஒரு குழாய்த் திருகு இருக்கும். அதைத் திருப்பித்தான் சொட்டுச் சொட்டா விடுவோம். பிப்பெட் வேலை செய்யுறது வேற மாதிரி. கரைசலை கீழே இருந்து மேல இழுத்து, விரலால மேல் வாயை அடைச்சுப் பிடிக்கணும். விரல் அடைக்கணும்னா வாய் சின்னதா இருக்கணும் இல்லையா? அதான் பிப்பெட் ரெண்டு பக்கமும் ஒல்லி. நம்ம ஸ்கூல்ல வர்ற இருபது மில்லி பிப்பெட்டுக்கு நடுவுல ஒரு தொப்பை இருக்கும், தொப்பைக்கு மேல ஒரே ஒரு வளையக் கோடு. அதுவரைக்கும் நிரப்பினா இருபது மில்லி, அவ்வளவுதான். வேற எந்த அளவும் அதால எடுக்க முடியாது.

அவ போட்டோல குழப்பினது மூணாவது குழாய். மேசை மேல படுத்திருந்தது, தொப்பை இல்ல, நீளம் முழுக்கக் கோடு. கீழ்முனை போட்டோவுக்கு வெளியே போயிடுச்சு, திருகு இருக்கா இல்லையான்னே தெரியல. "பூஜ்யம் மேல இருக்கு, அப்போ பியூரெட்தானே?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி, ஆனா அது மட்டும் போதாது. அளவுக்கோடு போட்ட பிப்பெட்டுகள்லயும் பலதுல பூஜ்யம் மேலதான் இருக்கும். நான் அவளை மேல்முனையைப் பெரிசு பண்ணிப் பார்க்கச் சொன்னேன். குறுகிப் போயிருந்தது. கடைசி எண் பத்து. ஸ்கூல் பியூரெட்ல அது ஐம்பது வரைக்கும் போகும். ஆக அது பிப்பெட்தான். திருகைத் தேடுறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு: சில பழைய பியூரெட்டுல கண்ணாடித் திருகுக்குப் பதிலா ஒரு ரப்பர் குழாயும் கிளிப்பும் மாட்டியிருப்பாங்க. அதைப் பார்த்து பியூரெட் இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க.

இந்தப் பூஜ்யம் மேல இருக்கிற விஷயம் பேர் சொல்றதோட நிக்காது. பியூரெட் எவ்வளவு உள்ள இருக்குன்னு காட்டாது, எவ்வளவு வெளிய போச்சுன்னு காட்டும். அதனால எண் கீழே போகப் போகக் கூடும். திரவத்தோட மட்டம் பதினாலுக்குக் கீழே நாலு சின்னக் கோடு தள்ளி நிக்குதுன்னு வைங்க. ரீடிங் 14.4. அளவு ஜாடி படிச்ச பழக்கத்துல கீழே இருக்கிற பதினைஞ்சுல இருந்து மேல ஆறு கோடு எண்ணினா 15.6ன்னு எழுதிடுவோம். 1.2 மில்லி தப்பு, எட்டு சதவீதத்துக்கு மேல. கணக்கெல்லாம் சரியா போட்டிருந்தாலும் விடை வராது.

மிச்சம் ரெண்டு குடுவை. கூம்புக் குடுவை அடியில அகலம், நேர்கோடா சரிஞ்சு மேல போய் குட்டைக் கழுத்துல முடியும். இடது கையில பியூரெட் திருகு, வலது கையில இதைச் சுழற்றிட்டே இருப்போம். சரிஞ்ச சுவர் இருக்கிறதால உள்ள இருக்கிறது வெளிய தெறிக்காது. இதுமேல 100, 150ன்னு கோடு இருந்தாலும் அளக்க எடுக்காதீங்க. அது தோராயம்தான். பலதுல ±5% அப்படின்னே அச்சடிச்சிருப்பாங்க.

அடுத்தது திட்டக் குடுவை. வயிறு பேரிக்காய் மாதிரி, கழுத்து நீளமா ஒல்லியா, அதுல ஒரே வளையம், மேல ஒரு மூடி. கழுத்து ஒல்லியா இருக்கிறதாலதான் ஒரு சொட்டு கூடினாலும் மட்டம் ஏறுறது கண்ணுக்குத் தெரியும். கரைசல் தயாரிக்கிறது இதுல, டைட்ரேஷன் பண்றது கூம்புல. போட்டோவைப் பெரிசு பண்ணினா இதுமேல 20°C இல்ல 27°Cன்னு ஒரு வெப்பநிலையும் தெரியலாம். துல்லியமா அளக்கச் செஞ்ச சாமான்லதான் அதைப் போடுவாங்க, பிப்பெட்லயும் பார்க்கலாம்.

அவ போட்டோல ஸ்டாண்டுல மாட்டியிருந்த குழாய்ல ஊதா நிறத்துல ஏதோ இருந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட். அது பியூரெட்டேதான். நிறம் அடர்த்தியா இருக்கிறதால அடி வளைவு தெரியாது, அதுக்கு மட்டும் மேல் விளிம்பைப் படிக்கணும்னு சொல்லி அனுப்பினேன்.