0.7 வோல்ற்றின் கணக்கு

உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் ஒன்பதாம் வினாவில் ஒரு தெரிவு உண்டு. ஒரு பக்கம் மின்னோட்டவியல், மறுபக்கம் இலத்திரனியல். இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம். பம்பலப்பிட்டியில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் யோசிக்காமலே மின்னோட்டவியல் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இலத்திரனியல் அலகு பாடத்திட்டத்தின் பிற்பகுதியில் வருவதால் பல இடங்களில் அவசர அவசரமாக முடிக்கப்படுகிறது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாம் வினாத்தாளின் 50 பல்தேர்வு வினாக்களில் தெரிவு ஏது? அங்கே இருவாயி வந்துதான் தீரும்.

இந்த வாரம் ஒரேயொரு எண்ணின் பின்னால் மட்டும் போகிறேன். அது 0.7. சிலிக்கன் இருவாயி கடத்தும்போது அதன் இரு முனைகளுக்கிடையே விழும் வோல்ற்றளவு. வினாத்தாளில் ஒரு வரியாக அதைத் தந்துவிடுவார்கள். புள்ளிகள் போவதும் வருவதும் அந்த ஒரு வரியில்தான்.

முதலில், அது எங்கிருந்து வருகிறது? p வகையும் n வகையும் சந்திக்கும் இடத்தில் n பக்கத்து இலத்திரன்கள் p பக்கத்துக்கும், p பக்கத்துத் துளைகள் n பக்கத்துக்கும் பரவுகின்றன. அவை போன இடங்களில் நகரமுடியாத அயன்கள் எஞ்சுகின்றன: n பக்கத்தில் நேர், p பக்கத்தில் மறை. இந்த அயன்கள் ஏற்படுத்தும் மின்புலமே மேற்கொண்டு பரவலைத் தடுத்து நிறுத்துகிறது. ஏற்றக்காவிகள் இல்லாமற்போன அந்த மெல்லிய பகுதிதான் வறிதாக்கற் பிரதேசம். முன்முகக் கோடலில் வெளி மின்கலம் இந்தத் தடையைத் தாழ்த்துகிறது, பின்முகக் கோடலில் உயர்த்துகிறது.

இதைச் சொல்லி முடித்தவுடன் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், உள்ளுக்குள்ள வோல்ற்றளவு இருக்கெண்டா, சும்மா கிடக்கிற இருவாயியில பன்மானியை வைச்சா அது காட்டவேணுமே?" அருமையான கேள்வி. காட்டாது. இருவாயியின் இரு கால்களும் உலோகம். உலோகமும் குறைகடத்தியும் தொடும் இரு இடங்களிலும் இதேபோல அழுத்த வேறுபாடுகள் உண்டாகின்றன. சுற்றை முழுதாகச் சுற்றிக் கூட்டினால் எல்லாம் கழிபட்டுப் பூச்சியம். அப்படி இல்லாவிட்டால் மேசையில் கிடக்கும் இருவாயி ஒன்றே விளக்கை எரித்துக்கொண்டிருக்கும். விதிவிலக்குப்போலத் தோன்றும் ஒன்று உண்டு: கண்ணாடி உறையுள்ள 1N4148 ஐ நல்ல வெயிலில் பிடித்தால் பன்மானி சில மில்லிவோல்ற்று காட்டும். அது தடை அழுத்தம் அல்ல. ஒளி உள்ளே புகுந்து புதிதாக உண்டாக்கும் காவிகளின் வேலை, சூரியக் கலத்தில் நடப்பதுதான்.

இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். 0.7 என்பது கதவு திறக்கும் புள்ளி அல்ல. அறை வெப்பநிலையில் இருவாயியின் வோல்ற்றளவு ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்று கூடும்போது ஓட்டம் பத்து மடங்காகிறது. அப்படியானால் 1 மில்லியம்பியரில் 0.6 வோல்ற்று எடுக்கும் இருவாயி, 100 மில்லியம்பியரில் 0.72 தான் எடுக்கும். ஓட்டம் நூறு மடங்கு மாறியும் வோல்ற்றளவு அசையவே இல்லை என்று சொல்லலாம். அதனாற்றான் கணக்குக்கு 0.7 என்று வைத்துக்கொள்கிறோம். நல்ல வசதி, ஆனால் வசதி மட்டும்தான்.

இனி ஒரு கணக்கு. பழைய வினாத்தாள்களின் பாணியில் நானே அமைத்தது. நமது வீட்டு மின் 230 V, 50 Hz. நிலைமாற்றி அதை 9 V ஆக்குகிறது. நான்கு இருவாயிகள் கொண்ட பாலச் சீராக்கி, அதன் பயப்பில் 1 கிலோஓம் தடை. தடைக்குக் குறுக்கேயுள்ள உச்ச வோல்ற்றளவு என்ன?

வகுப்பில் முதலில் விழும் விடை 9. அடுத்து 8.3. 9 என்பது வர்க்க இடைமூலப் பெறுமானம். உச்சம் வேண்டுமென்றால் √2 ஆல் பெருக்கவேண்டும், 12.7 V. சரி, அதிலிருந்து 0.7 ஐக் கழித்தால் 12.0 என்று இன்னொருவர் எழுதுவார். பாலத்தில் விரலை வைத்துப் பாதையைத் தொடரச் சொல்வேன்: நிலைமாற்றியின் மேல்முனையிலிருந்து ஓர் இருவாயி, தடை, பிறகு இன்னோர் இருவாயி, கீழ்முனை. எந்த அரைச் சக்கரத்திலும் ஓட்டம் இரண்டு இருவாயிகளைக் கடந்தே திரும்புகிறது. ஆகவே 12.7 – 1.4 = 11.3 V. உச்ச ஓட்டம் 11.3 மில்லியம்பியர்.

வரைபிலும் இந்த 1.4 தெரியவேண்டும். பெய்ப்பு வோல்ற்றளவு 1.4 ஐத் தாண்டும்வரை பாலத்தில் எதுவும் கடத்தாது. எனவே இரண்டு மேடுகளுக்கிடையே பயப்பு பூச்சியத்தைக் கூராகத் தொட்டு எழும்பாமல் சற்று நேரம் தட்டையாகக் கிடக்கும். நமது கணக்கில் அந்தத் தட்டை ஏறத்தாழ 0.7 மில்லிசெக்கன். எண் ஒத்துப்போவது தற்செயல், குழம்பவேண்டாம். அலைவுகாட்டியில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளின் வரைபில்தான் அதைக் காண்பது அரிது.

தடைக்குச் சமாந்தரமாக 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போட்டால்? ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 10 மில்லிசெக்கன். அவ்வளவு நேரமும் கொள்ளளவி 11.3 மில்லியம்பியரைக் கொடுத்துத் தாங்குகிறது என்று கொண்டால், இழக்கும் ஏற்றத்தைக் கொள்ளளவத்தால் வகுக்க 0.24 V வரும். அதுவே குற்றலை. இப்போது வினாவின் கடைசிப் பகுதி: ஓர் இருவாயி எரிந்து திறந்துவிட்டது, பயப்பு எப்படி மாறும்? மேடுகளில் ஒன்றுவிட்டு ஒன்று காணாமற்போகும். இடைவெளி 20 மில்லிசெக்கன், குற்றலை ஏறத்தாழ இரு மடங்கு, அதன் மீடிறன் 100 Hz இலிருந்து 50 Hz ஆக இறங்கும். பழுதான மின்வழங்கியை அலைவுகாட்டியில் போட்டதும் முதலில் தேடவேண்டிய அடையாளம் இதுதான்.

திறந்த இருவாயியைவிடத் திருப்பிப் பூட்டிய இருவாயி மோசம். பாலத்தில் ஒன்றை மாறிப் பூட்டினால், ஓர் அரைச் சக்கரத்தில் நிலைமாற்றியின் இரு முனைகளும் இரண்டு இருவாயிகளினூடாக நேரே இணைந்துவிடும். நடுவில் தடை இல்லை. மற்ற அரைச் சக்கரத்தில் நிலைமாற்றியிலிருந்து தடைக்கு எதுவுமே வராது. உருகி இருந்தால் அது போகும், இல்லையென்றால் இருவாயிகள் போகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1N4007 மலிவு என்பதால் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் நிலைமாற்றியின் விலையையும் கேட்டுவிட்டுச் செய்யட்டும். வினாத்தாளில் சுற்றை வரையும்போது எளிய சரிபார்ப்பு ஒன்று உண்டு: நான்கு அம்புகளும் பயப்பின் நேர் முனை இருக்கும் திசைக்கே சாய்ந்திருக்கவேண்டும்.

சீராக்கியில் 1.4 வோல்ற்றை இழப்பது பெரிய துன்பம் அல்ல. தருக்கப் படலையில் அது துன்பம். இரண்டு இருவாயிகளும் ஒரு தடையும் இருந்தால் ஓர் படலை ஆயிற்று: இரு பெய்ப்புகளில் எது 5 வோல்ற்றுக்குப் போனாலும் பயப்பு உயரும். ஆனால் உயர்வது 5 க்கு அல்ல, 4.3 க்கு. இந்தப் பயப்பை அடுத்த ஓர் படலைக்குக் கொடுத்தால் 3.6, அடுத்ததற்கு 2.9. ஆறாவது படலையைத் தாண்டும்போது கையில் இருப்பது 0.8 வோல்ற்று. ஒவ்வொரு வாசலிலும் சுங்கம் கட்டிக்கொண்டே போகும் வியாபாரிபோல, 1 என்று புறப்பட்ட செய்தி 0 உடன் சேர்த்துக் குழப்பத்தக்க நிலைக்கு வந்துவிடுகிறது. அத்தோடு, எத்தனை இருவாயிகளை எப்படிப் பூட்டினாலும் நொட் படலை வராது. 1 ஐக் கொடுத்து 0 ஐ வாங்க இருவாயிக்குத் தெரியாது.

இங்கேதான் திரான்சிற்றர் வருகிறது. பொதுக்காலி அமைப்பு, வழங்கல் 5 V, சேகரிப்பானில் 1 கிலோஓம், அடியில் 10 கிலோஓம், ஓட்ட நயம் 100. பெய்ப்பு 5 V. அடிக்கும் காலிக்கும் இடையில் இருப்பதும் ஒரு சந்தியே, அங்கும் அதே 0.7. அடி ஓட்டம் (5 – 0.7) ஐ 10 கிலோஓமால் வகுக்க 0.43 மில்லியம்பியர். நூறால் பெருக்கினால் சேகரிப்பான் ஓட்டம் 43 மில்லியம்பியர். அது 1 கிலோஓமினூடாகப் போனால் 43 வோல்ற்று விழும். ஆகவே பயப்பு 5 – 43 = –38 V.

சிரிக்கவேண்டாம். ஆண்டுதோறும் இந்த –38 ஐத் தாளில் காண்கிறேன். எழுதியவர் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை. 5 வோல்ற்று வழங்கலில் 1 கிலோஓமினூடாக 5 மில்லியம்பியருக்கு மேல் போகவே முடியாது என்பதைப் பார்க்கவில்லை. நயத்தால் பெருக்கி வரும் ஓட்டம் சுற்று அனுமதிக்கும் உச்சத்தை மிஞ்சினால் திரான்சிற்றர் நிரம்பல் நிலையில் இருக்கிறது. அங்கே நயத்தின் சூத்திரம் செல்லாது, சேகரிப்பான்–காலி வோல்ற்றளவு 0.1, 0.2 அளவில் நிற்கும். அதுதான் பயப்பு, அதாவது 0.

இப்போது களைத்துவந்த பெய்ப்புகளைக் கொடுத்துப் பார்ப்போம். 2.9 V கொடுத்தால் அடி ஓட்டம் 0.22 மில்லியம்பியர், தேவை 0.05 தான். நிரம்பல், பயப்பு 0.2. 1.5 V கொடுத்தாலும் 0.08 வருகிறது, அதுவும் போதும். 0.8 V இல் மட்டும் கதை மாறுகிறது: அடி ஓட்டம் 0.01, சேகரிப்பான் ஓட்டம் 1 மில்லியம்பியர், பயப்பு 4 V. படலை தவறிவிடுகிறது. மறுபக்கம், 0.2 வோல்ற்று போன்ற அசுத்தமான 0 ஐக் கொடுத்தால் அடிச்சந்தி கடத்தாது, பயப்பு முழு 5. இருவாயிப் படலையில் வோல்ற்றளவைத் தின்ற அதே 0.7, இங்கே சிறு பெய்ப்புகளை உள்ளே விடாத காவலாக வேலை செய்கிறது. எனவே இரண்டு மூன்று இருவாயிப் படலைகளுக்கு ஒருமுறை ஒரு திரான்சிற்றரைப் போட்டால் செய்தி மறுபடி சுத்தமாகிவிடும், தலைகீழாகியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவேண்டும்.

அடிக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு 10 கிலோஓம் தடைகளைப் பூட்டி இரு பெய்ப்புகளைக் கொடுத்தால் நோர் படலை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பெய்ப்பு 5 V, மற்றது 0 V என்றால், முதலாவதினூடாக வரும் 0.43 மில்லியம்பியரில் 0.07 மற்றத் தடையினூடாகக் கீழே ஒழுகிவிடும். மிஞ்சும் 0.36 போதும். ஆனால் பெய்ப்புகளை எட்டாக்கினால் ஏழு தடைகள் ஒழுக்கும், 0.49 போகும், வருவதோ 0.43. அடி 0.7 க்கு எழவே எழாது. எல்லாத் தடைகளும் சமம் என்றால் எட்டில் ஒரு பங்கு, 0.63 வோல்ற்றோடு நின்றுவிடும். அப்போது நோர் படலை நோராக இருக்காது. நிலவுக்குப் போன அப்பலோவின் வழிகாட்டற் கணினி தடையும் திரான்சிற்றரும் கொண்ட நோர் படலைகளாலேயே கட்டப்பட்டது, படலை ஒன்றுக்குப் பெய்ப்பு மூன்று. அங்கே ஒவ்வொரு பெய்ப்புக்கும் தனித்தனித் திரான்சிற்றர், சேகரிப்பான்கள் மட்டும் பொது. அப்படிச் செய்தால் மேற்சொன்ன ஒழுக்கு இல்லை. வினாத்தாளில் இரண்டு வகைச் சுற்றும் வரலாம். இரண்டுக்கும் மெய்நிலை அட்டவணை ஒன்றே. ஆனால் அடி ஓட்டத்தைக் கேட்டால் விடை வேறு வேறு.

அடுத்த வாரம்: செயற்பாட்டு விரியலாக்கி.