பதிலுக்கு முன் ஐந்து விநாடி

செங்கல்பட்டில் மின்சார ரயிலேறி சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்குபவருக்கு ஒரு வழிப் பயணமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பாதி நேரம் நின்றுகொண்டுதான். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்க, இன்னொரு கை பையைக் காக்கும். புத்தகம் விரிக்க இடமில்லை, ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. எல்.எல்.ஆர். தேர்வுக்குத் தயாராகும் பலரும் சாலை விதிகளையும் குறியீடுகளையும் தங்கள் குரலிலேயே போனில் பதிந்து, போகும்போதும் வரும்போதும் கேட்கிறார்கள்.

யோசனை நல்லதுதான். பெரும்பாலானோர் பதியும் முறையில்தான் கோளாறு. விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து இருபது நிமிடம் ஒரே மூச்சில் வாசித்து வைத்துவிடுகிறார்கள். நான்கு நாள் கேட்டதும் எல்லாம் பழகிய குரலாக ஒலிக்கும். தெரிந்துவிட்டது என்ற நிம்மதி வரும். தேர்வுத் திரையில் படம் தனியாக வந்து நிற்கும்போது பெயர் வராது.

இதற்குக் காரணம் ஆய்வில் தெளிவாகியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே பதிவில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஐந்து விநாடி மௌனம் வேண்டும். அந்த இடைவெளியில் கேட்பவர் தானே பதிலைத் தேடியாக வேண்டும். பயிற்சி நடப்பது அங்கேதான்.

குறியீட்டைக் குரலாக்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வடிவம், அடுத்து நிறம், கடைசியில் உள்ளே இருக்கும் படம். இந்த வரிசைக்குக் காரணம், வடிவமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது என்பதுதான். வட்டம் என்றால் பெரும்பாலும் கட்டாயக் குறியீடு. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம், முனை மேலே இருந்தால், எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். முக்கோணம் தலைகீழாக இருந்தால் வழிவிட வேண்டும் என்ற கட்டாயக் கட்டளை. எண்கோணம் என்றால் ‘நில்’.

ஒன்றுபோல் தோன்றும் குறியீடுகளை ஒரே பதிவில் சேர்ப்பது இன்னும் பலன் தரும். ஒரு பதிவு இப்படிப் போகலாம்: “நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. என்ன?” ஐந்து விநாடி. “பார்க்கிங் கூடாது.” “அதே வட்டம். கோடு இரண்டு, பெருக்கல் குறி மாதிரி. என்ன?” ஐந்து விநாடி. “வண்டியை நிறுத்தவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட.” இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. ஹாரன் படமும் அப்படித்தான்: சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோட்டோடு இருந்தால் அடிக்கக் கூடாது, நீல வட்டத்தில் இருந்தால் அடித்தே ஆக வேண்டும்.

விதிகளைப் பதியும்போது சட்ட வாசகத்தை அப்படியே வாசித்தால் காதில் நிற்காது. அதை ஒரு சூழ்நிலையாக்க வேண்டும். “ஆளில்லாத ரயில்வே கேட். வண்டியில் நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?” மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு சொல்லும் பதில்: வண்டியை நிறுத்தி, தானே இறங்கி நடந்துபோய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே கடக்க வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உடன் இருந்தால் அவர் போய்ப் பார்க்கலாம். இப்படிக் கேள்வி கேட்டால், தனியாக இருக்கும்போது யார் இறங்குவது என்ற நுணுக்கமும் மனத்தில் பதியும்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துவது அவசியம். அதன் இரைச்சலும் ரயில் சத்தமும் கலந்தால் சொற்கள் மங்கிவிடும். போனை வாய்க்கு நேராக இல்லாமல், ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதாது. ஒரு பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தவறிய ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்க முடியாமல் போகும்.

காலையில் வரிசையாகக் கேட்டவற்றை மாலையில் ‘ஷஃபிள்’ போட்டுக் கேட்க வேண்டும். வரிசை மாறாவிட்டால், முந்தைய பதிவே அடுத்த பதிலை நினைவூட்டிவிடும். அது தெரிந்துகொண்டதாகாது. அடுத்தடுத்த மூன்று பயணங்களில் சரியாகச் சொன்ன பதிவைத் தனி ஃபோல்டருக்கு மாற்றி, வாரம் ஒருமுறை மட்டும் கேட்டால் போதும். தவறியவை தினசரிப் பட்டியலிலேயே இருக்கட்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ‘குறுகிய பாலம்’, ‘முன்னே சாலை குறுகுகிறது’ என்ற இரண்டையும் எவ்வளவு விவரித்தாலும் காது குழம்பும். இரண்டிலும் முக்கோணத்துக்குள் கோடுகள்தான். பாலத்தில் அவை நடுவில் நெருங்கி இரு முனைகளிலும் விரியும். சாலையில் மேலே போகப்போக நெருங்கி அப்படியே நின்றுவிடும். இதைக் கண்ணால்தான் பிரித்தறிய முடியும். அதனால் பதிவதற்கு முன்பு படத்தை ஒருமுறை கையால் வரைந்து பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் பெயர்களை மறைத்த அட்டவணையையோ, போக்குவரத்து அமைச்சகத்தின் ‘சாரதி’ தளத்திலுள்ள மாதிரித் தேர்வையோ வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். பயணத்தில் சரியாகச் சொல்லி, படத்தைப் பார்க்கும்போது தடுமாறினால், அந்தப் பதிவின் வருணனையைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

இவையெல்லாம் ரயிலிலும் பேருந்திலும் பயணியாக இருப்பவர்களுக்கு மட்டும். பைக்கில் போகிறவர் காதில் இயர்போன் மாட்டினால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது.