வாங்கிய காலும் விற்ற காலும்

தனிநபர் டெரிவேட்டிவ் வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்தார்கள் என்கிறது செபியின் ஆய்வு. ஆகவே புதிதாகப் படிக்க வரும் மாணவர் முதல் ஆறு மாதம் பணத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

முதல் இரண்டு மாதம் நிஃப்டி ஆப்ஷன் விலைப்பட்டியல் மட்டும் போதும். தினமும் ஒரே காலின் பிரீமியத்தைக் குறித்துவைத்து, அதில் உள்ளார்ந்த மதிப்பு எவ்வளவு, மீதி நேர மதிப்பு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதம், சந்தை அசையாத நாளிலும் பிரீமியம் ஏன் கரைகிறது என்று கவனிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஸ்ப்ரெட் புரிவது இங்கேதான்.

ஐந்தாம் மாதம் புல் கால் ஸ்ப்ரெட். நிஃப்டி 25,000-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25,000 காலை 200 ரூபாய்க்கு வாங்கி, அதே எக்ஸ்பைரியின் 25,200 காலை 110-க்கு விற்றால் நிகரச் செலவு 90. ஒரு யூனிட்டுக்கு அதிகபட்ச நஷ்டமும் அதுவே. எக்ஸ்பைரியில் 25,090-ஐத் தாண்டினால்தான் லாபம். எவ்வளவு ஏறினாலும் 110-க்கு மேல் கிடைக்காது. கட்டணங்கள் தனி.

ஆறாம் மாதம் காகிதத்தில் பழகும்போது, பலர் இடையில் வாங்கிய காலை மட்டும் விற்றுவிடுவார்கள். மிஞ்சுவது வரம்பில்லாத நஷ்டத்துக்கு இடம்தரும் விற்ற கால். பங்கு ஆப்ஷனில் இன்னொரு பொறி: எக்ஸ்பைரி அன்று விலை இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே நின்றால், லாட் முழுவதையும் பணம் கொடுத்து டெலிவரி எடுக்க நேரும். நிஃப்டியில் கணக்கு ரொக்கத்திலேயே முடிந்துவிடும்.