வளைகோட்டின் வலது ஓரம்

மெத்தனால் குடித்தவரின் பார்வையைப் பறிப்பது மெத்தனால் அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களின் உடலுக்குள் விஷத்தைத் தயாரித்தது அவர்களுடைய கல்லீரலேதான். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி அங்கே இருக்கிறது. சாதாரண மதுவான எத்தனாலைச் சிதைப்பது அதன் வேலை. மெத்தனால் வந்தாலும் அது சும்மா விடாது, ஃபார்மால்டிஹைடாக மாற்றிவிடும். அது வேகமாக ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலத்தை மனித உடலால் மெதுவாகத்தான் அழிக்க முடியும் என்பதால் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். குடித்தவர் பல மணி நேரம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, மறுநாள் கண் மங்கி மூச்சு வாங்கிச் சரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே அந்த முதல் நொதியை நிறுத்தினால் ஆளைக் காப்பாற்றலாம். ஆனால் நொதியை மந்தமாக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. எது எந்த விதம் என்று ஒரு வரைபடம் காட்டிக்கொடுக்கும்.

அந்த வரைபடத்தில் கிடைக்கோட்டில் தளப்பொருளின் செறிவு இருக்கும். தளப்பொருள் என்பது நொதி எதை மாற்றுகிறதோ அது, இங்கே மெத்தனால். செங்குத்துக் கோட்டில் வினையின் வேகம். தளப்பொருள் கூடக் கூட வேகம் முதலில் மளமளவென்று ஏறும். பிறகு தளர்ந்து, ஒரு உச்சத்தை நெருங்கி ஏறக்குறையத் தட்டையாகிவிடும். ஒவ்வொரு நொதி மூலக்கூறும் ஓய்வின்றி வேலை செய்யும் நிலை அது. உச்ச வேகத்தில் பாதியைத் தொட எவ்வளவு தளப்பொருள் தேவையோ அந்த அளவை மைக்கேலிஸ் மாறிலி என்கிறார்கள். 1913-இல் லியோனோர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் எழுதிய சமன்பாட்டிலிருந்து வந்த பெயர். இந்த மாறிலி சிறியதாக இருந்தால், குறைந்த தளப்பொருளே நொதியின் பாதி வேகத்துக்குப் போதும் என்று பொருள்.

கணக்குக்கு எளிதாக ஒரு கற்பனை நொதியை வைத்துக்கொள்வோம். உச்ச வேகம் 100, மாறிலி 10. தளப்பொருள் 10 இருக்கும்போது வேகம் 50. 90 ஆனால் வேகமும் 90. இப்போது இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தடுப்பானைச் சேர்க்கிறோம். தளப்பொருளை 10-இல் வைத்து அளந்தால் இரண்டிலும் வேகம் 50-லிருந்து 25-க்கு இறங்கியிருக்கிறது. இந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்தவர் இரண்டும் ஒரே மாதிரித் தடுப்பான்கள் என்று முடிவு கட்டுவார். அந்த முடிவு தவறு. தளப்பொருளை 90-க்கு உயர்த்துங்கள். முதல் குழாயில் வேகம் 75 ஆகிறது, இரண்டாவதில் 45. இன்னும் ஏற்றி 990-க்குக் கொண்டுபோனால் முதலாவது 97-ஐத் தொடுகிறது. இரண்டாவது 50-ஐத் தாண்டவே இல்லை.

முதல் குழாயில் நடந்தது போட்டித் தடுப்பு. தடுப்பான் மூலக்கூறு பெரும்பாலும் தளப்பொருளைப் போன்ற உருவம் கொண்டது. நொதியின் செயல்படு மையத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்து எழுகிறது, மறுபடி உட்காருகிறது. அது எழும் நேரத்தில் அருகே யார் அதிகம் நிற்கிறார்களோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். தளப்பொருளை வெள்ளமாகக் கொட்டினால் தடுப்பானுக்கு இடம் கிடைப்பது அரிதாகிவிடும், பழைய உச்ச வேகம் திரும்பிவிடும். மாறுவது மைக்கேலிஸ் மாறிலி: பாதி வேகமான 50-ஐத் தொட 10 போதவில்லை, 30 வேண்டியிருக்கிறது. வளைகோடு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், ஆனால் அதே உச்சியை நோக்கித்தான் போகும்.

இரண்டாவது குழாயில் தடுப்பான் வேறொரு இடத்தில் ஒட்டியிருக்கிறது. தளப்பொருள் மையத்துக்கு வருவதை அது தடுக்கவில்லை. வந்தபின் வேலை நடக்காமல் செய்கிறது. தடுப்பான் ஒட்டிய நொதிகள் கணக்கில் இல்லாதவை போலாகின்றன. இந்தக் குழாயில் பாதி நொதிகள் அப்படி முடங்கின, உச்ச வேகம் 50 ஆயிற்று. மீதி நொதிகள் பழையபடியே வேலை செய்வதால் மாறிலி 10-லேயே நிற்கிறது. இதுதான் போட்டியற்ற தடுப்பு.

இந்த வரைபடத்தை வாசிக்கையில் தவறு பெரும்பாலும் வலது ஓரத்தில்தான் நேர்கிறது. தளப்பொருளை 20, 30 வரைக்கும் ஏற்றிவிட்டு நிறுத்தினால் போட்டித் தடுப்பின் கோடும் தாழ்வாகவே தெரியும். உச்சம் குறைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். நொதி வினைகளைப் பாடமாக நடத்துகிறவர்கள் மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கோடு எங்கே முடிகிறது என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்து அதை அழித்துவிடும் பொருளும் உச்ச வேகத்தைக் குறைக்கும், மாறிலியைத் தொடாது. வரைபடத்தை மட்டும் வைத்து அதைப் போட்டியற்ற தடுப்பிலிருந்து பிரிக்க முடியாது. கரைசலை நன்றாக நீர்த்துப்போகச் செய்து பார்க்க வேண்டும். நொதி மீண்டால் தடுப்பான் விலகக்கூடியது. மீளாவிட்டால் நொதி போனது போனதுதான். உயிரணுக்களில் உச்சமும் மாறிலியும் சேர்ந்தே மாறும் கலப்புத் தடுப்பும் உண்டு. பாடநூல் காட்டும் தூய போட்டியற்ற தடுப்பைவிட அதுதான் அதிகம் காணப்படுவது.

மெத்தனால் நோயாளிக்குக் கொடுக்கப்படும் ஃபோமெபிசோல் ஒரு போட்டித் தடுப்பான். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸின் மையத்தில் மெத்தனாலைவிடப் பல மடங்கு இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். அது கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் எத்தனாலையே கொடுக்கிறார்கள். அது கண்டிப்பாகச் சொன்னால் தடுப்பான் அல்ல, நொதி அதிகம் விரும்பும் இன்னொரு தளப்பொருள். நொதியைத் தன் வேலையிலேயே ஆழ்த்தி மெத்தனாலைக் காத்திருக்க வைக்கிறது. இது மருத்துவமனையில் இரத்த அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை. வீட்டில் யாரும் சாராயம் ஊற்றி முயலக் கூடாது.

போட்டித் தடுப்பின் பலவீனத்தையும் இந்த சிகிச்சை சுமக்கிறது. தடுப்பானின் அளவு இறங்கினால் மெத்தனால் மறுபடி மையத்தில் ஏறிவிடும். அதனால் ஃபோமெபிசோலை முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுத்து, பிறகு 12 மணிக்கொரு முறை தொடர்கிறார்கள். டயாலிசிஸ் நடக்கும்போது மெத்தனாலோடு மருந்தும் வெளியேறும் என்பதால் 4 மணிக்கொரு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸையும் தவிர்க்க முடிவதில்லை: நொதியை மூடிவிட்டால் மெத்தனால் சிதையாமல் நாள்கணக்கில் இரத்தத்திலேயே சுற்றும்.

தாமதமாக வந்தவரின் நிலை வேறு. அவருடைய உடலில் ஃபார்மிக் அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. அது போய்ச் சேருமிடம் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படி அது. அதில் இரும்பு அணு உள்ள இடத்தில் ஃபார்மிக் அமிலம் பிணைகிறது. சயனைடு தாக்குவதும் அங்கேதான். இந்த நொதிக்கு எலக்ட்ரான்களைக் கொண்டுவரும் சைட்டோகுரோம் சி வந்து சேர்வது வேறு பக்கத்தில். அதன் செறிவை மாற்றிச் சயனைடுடன் வரைபடம் போட்டால், இரண்டாவது குழாயின் கோடு கிடைக்கும்: எவ்வளவு சைட்டோகுரோம் சி சேர்த்தாலும் உச்சம் பழைய இடத்துக்கு வராது. ஃபார்மிக் அமிலத்தின் பிடி சயனைடைவிடத் தளர்வானது. ஆனாலும் அதை விலக்க எலக்ட்ரான் தருபவரைக் கூட்டிப் பயனில்லை, அமிலத்தைத்தான் குறைக்க வேண்டும். பைகார்பனேட் ஏற்றி இரத்தத்தின் அமிலத்தன்மையைத் தணிப்பதும், அமிலத்தைச் சிதைக்க உதவும் ஃபோலினிக் அமிலம் தருவதும், டயாலிசிஸ் செய்வதும் அதற்காகத்தான். பார்வை நரம்புக்கு ஆற்றல் ஓயாமல் தேவை. இந்த ஏற்பாடுகள் பலிப்பதற்குள் அதில் இறந்துபோன இழைகள் திரும்ப வளர்வதில்லை.