இரண்டு கோடுகளை போன் சரியாகப் படித்ததா?

ராத்திரி ஒன்பதரை மணி. ப்ளஸ் ஒன் கணக்கு நோட்டை விரித்து வைத்து, செல்போன் கேமராவை அதன் மேல் பிடிக்கிறாள் மகள். நோட்டில் இருப்பது |x − 4| = 2x + 1. ஒரு நொடியில் திரையில் விடை வந்துவிட்டது: x = −5.

''ரெண்டு கேஸா பிரிக்கணும்னு மிஸ் சொன்னாங்க. இது ஒரே வரியில முடிச்சிடுச்சும்மா.''

''அந்த −5-ஐ கணக்குலயே போட்டுப் பாரேன்'' என்கிறார் அம்மா.

போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் |−5 − 4|, அதாவது 9. வலப்பக்கம் 2 × (−5) + 1, அதாவது −9. எண் ஒன்றுதான், குறிதான் வேறு. ஆக, விடை தப்பு.

செயலி கூட்டல் கழித்தலில் சறுக்கவில்லை, கணக்கைப் படித்ததிலேயே சறுக்கிவிட்டது. கையெழுத்தில் கொஞ்சம் வளைந்திருந்த அந்த இரண்டு நெட்டைக் கோடுகளை அது அடைப்புக்குறி என்று எடுத்துக்கொண்டது. (x − 4) = 2x + 1 என்ற கணக்குக்கு −5 சரியான விடையேதான்! கோடு குட்டையாக இருந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். அதை 1 என்று படித்து, 1x − 41 என்று ஆக்கிவிடும். அதனால் விடையைப் பார்க்கும் முன்பு, கணக்கைத் திரை எப்படி எழுதிக் காட்டுகிறது என்று நோட்டோடு ஒப்பிட வேண்டும். கோடுகளை மற்ற எழுத்துகளைவிட உயரமாகவும் நேராகவும் போட்டு, நிழல் விழாமல் அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்தால் குழப்பம் குறையும்.

1841-ல் ஜெர்மனியின் கணித மேதை வயர்ஸ்ட்ராஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குறியீடு இது. பள்ளிக்கூடத்தில் மட்டு மதிப்பு, மாணவர்கள் வாயில் மாடுலஸ். பூஜ்ஜியத்திலிருந்து ஓர் எண் எவ்வளவு தூரம் என்பதுதான் அதன் பொருள். தூரம் மைனஸில் வராது. உள்ளே இருப்பது பாசிட்டிவ் என்றால் அப்படியே வெளியே வரும். நெகட்டிவ் என்றால் குறி மாறி வரும். எது என்று முன்கூட்டியே தெரியாததால்தான் இரண்டு கேஸ்.

முதல் கேஸ்: x-ன் மதிப்பு 4 அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். கோடுகளை அப்படியே எடுத்துவிடலாம். x − 4 = 2x + 1. இதிலிருந்து x = −5. ஆனால், ஆரம்பத்தில் '4 அல்லது அதற்கு மேல்' என்று பேசினோமே! −5 அதற்குள் வராது, தள்ளிவிட வேண்டியதுதான். போன் காட்டிய அதே −5 இங்கேயும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள். கேஸ் பிரித்துவிட்டு நிபந்தனையை மறப்பவர்களும் இதை விடையாக எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது கேஸ்: x, 4-க்குக் கீழே. இப்போது குறி மாறும். 4 − x = 2x + 1. 3x = 3, x = 1. இது 4-க்குக் கீழேதான். சரிபார்த்தால் |1 − 4| = 3, வலப்பக்கமும் 2 + 1 = 3. கணக்குக்கு ஒரே விடை, 1.

சமன்பாட்டில் வந்த விடையைப் போட்டுப் பார்த்துவிடலாம். அசமன்பாட்டில் விடையே ஒரு நீண்ட எல்லை, அத்தனை எண்ணையும் எப்படிப் போட்டுப் பார்ப்பது? அதே கணக்கை |x − 4| < 2x + 1 என்று மாற்றிப் பார்ப்போம்.

x, 4 அல்லது அதற்கு மேல் என்றால் x − 4 < 2x + 1. இது x > −5 என்று முடிகிறது. நிபந்தனையோடு சேர்த்தால் 4-ம் அதற்கு மேலும் உள்ள எல்லா எண்களும் பொருந்தும். x, 4-க்குக் கீழே என்றால் 4 − x < 2x + 1, அதாவது x > 1. ஆக, 1-க்கும் 4-க்கும் இடைப்பட்டவை பொருந்தும். இரண்டையும் ஒட்ட வைத்தால் விடை x > 1.

இங்கே நிறைய பேர் முதல் கேஸின் நிபந்தனையை விட்டுவிட்டு x > −5 என்று எழுதுகிறார்கள். அது தப்பு என்று காட்ட ஓர் எண் போதும். −5-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தைப் போடுங்கள். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 1. 4 < 1 ஆகாது. எல்லைக்கு அந்தப் பக்கம் 2-ஐப் போட்டால் 2 < 5, சரி. எல்லையில் நிற்கும் 1-ஐப் போட்டால் 3 < 3, அதுவும் ஆகாது. அதனால் 1 விடையில் சேராது. கேள்வியில் < என்பதற்குப் பதில் ≤ இருந்திருந்தால் சேர்ந்திருக்கும். அந்தச் சின்ன அடிக்கோட்டைக் கேமரா தவறவிடுவதும் உண்டு.

''அப்ப அடுத்த கணக்கு |x + 7| = −2-க்கு எத்தனை கேஸ்?'' என்று அம்மா கேட்க, மகள் போனைத் தூக்கவே இல்லை.

''தூரம் எப்படிம்மா மைனஸ் ரெண்டு ஆகும்? விடையே கிடையாது!''